எல்.டி.யும் தாமதக் கட்டணமும்: மலையகச் சிறு ஒப்பந்தகாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் சின்னக் கட்டட வேலை எடுப்பவர்களுக்குப் பல வருடமாக பில் எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட முன்னர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டுபவர்கள் குறைவு. பில்லில் பணம் பிடித்த பிறகு வருபவர்கள்தான் அதிகம். அப்படி வந்தவர்கள் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்.டி. என்பது தண்டமா?

இல்லை. வேலை பிந்தினால் உரிமையாளருக்கு ஏற்படும் நட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு நாளுக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இழப்பீடுதான் எல்.டி. அப்படி ஒத்துக்கொண்டதால், எவ்வளவு நட்டம் வந்தது என்று அவர் பிறகு கணக்குக் காட்டத் தேவையில்லை. நாட்களை எண்ணி, பில்லில் கழித்துக்கொள்வார். உங்களுக்கும் அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பொதுவாக, தாமதத்துக்காக அந்தத் தொகைக்கு மேல் அவர் கேட்க முடியாது.

தாமதக் கட்டணம் வேறு. அது பணம் பிந்தியதற்கான விலை. ஹார்ட்வெயர் கடைக்கு நீங்கள் பிந்தினால் நீங்கள் கொடுப்பீர்கள், உங்கள் பில்லுக்கு உரிமையாளர் பிந்தினால் அவர் கொடுக்க வேண்டும். இரண்டிலும் பார்க்க வேண்டியவை மூன்று: எத்தனை வீதம், எந்தக் காலத்துக்கு, எந்தத் தொகையின் மேல்.

0.05 சதவீதம்தானே சேர், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

எந்தத் தொகையில் 0.05 என்பதைப் பார்க்க வேண்டும். வீதத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள். அதற்குப் பின்னால் வரும் இரண்டு மூன்று சொற்களை யாரும் வாசிப்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

தலவாக்கலைப் பக்கம் இரண்டு மாடிப் பாடசாலைக் கட்டடம் ஒன்று எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலைகளையும் அளவுகளையும் விலைகளையும் பட்டியலிடும் பி.ஓ.கியூ.வில் வேலைகளின் கூட்டுத்தொகை 24,000,000 ரூபா. அதற்கு மேல் எதிர்பாராச் செலவுக்கு 10%, அதாவது 2,400,000. ஆக 26,400,000. அதற்கு வற் வரி 18% சேர்த்தால் 31,152,000. விலைமனுக் கடிதத்தில் கடைசியாகப் பெரிய எழுத்தில் நிற்பது இந்தக் கடைசித் தொகைதான்.

இப்போது எல்.டி. வாசகத்தில் ‘ஒப்பந்தத் தொகையின் 0.05%, நாளொன்றுக்கு’ என்று மட்டும் இருக்கிறது. 24,000,000இன் மேல் என்றால் நாளுக்கு 12,000 ரூபா. 26,400,000இன் மேல் என்றால் 13,200. வற் வரியோடு சேர்த்து என்றால் 15,576. நாற்பது நாள் பிந்தினால் முதலாவது கணக்கில் 480,000, மூன்றாவது கணக்கில் 623,040. வீதம் ஒன்றுதான், நாட்களும் ஒன்றுதான், ஆனாலும் 143,040 ரூபா வித்தியாசம். ஒரு நல்ல மேசனுக்கும் கையாளுக்கும் எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் முதன்முதலில் பில் எழுதிய வேலையிலும் இதுதான் நடந்தது. வற் வரி சேர்ந்த தொகையின் மேல் பிடித்துவிட்டார்கள். வரி நமக்கு வருகிற பணமில்லை, நம் கையைத் தொட்டு அரசாங்கத்துக்குப் போவது. எதிர்பாராச் செலவும் அப்படித்தான், பொறியியலாளர் உத்தரவு கொடுத்தால் மட்டுமே வேலையாகும். இரண்டையும் கழித்த தொகைதான் நியாயமான அடிப்படை என்பது என் கருத்து. ஆனால் அப்போது எங்களிடம் இருந்த தாளில் வெறும் ‘ஒப்பந்தத் தொகை’ என்றே இருந்தது. வாதாடிப் பார்த்தோம், அவர்கள் அசையவில்லை.

ஆகவே அந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் எங்கே என்று தேடுங்கள். கட்டுமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனமான சீடாவின், அதாவது பழைய இக்டாட்டின், மாதிரி ஆவணத்தில் எடுத்த வேலை என்றால் எல்.டி. வீதம் நிபந்தனைப் பக்கத்தில் இருக்காது, ‘கொன்ட்ரக்ட் டேட்டா’ என்ற பக்கத்தில் நிரப்பப்பட்டிருக்கும். அங்கே ‘ஆரம்ப ஒப்பந்தத் தொகை’ என்றிருந்தால், வரைவிலக்கணப் பக்கத்துக்குத் திரும்பி அதற்குள் என்னென்ன அடங்கும் என்று பாருங்கள். பெரிய வேலைகளில் வரும் சர்வதேச மாதிரி ஒப்பந்தமான 1999ஆம் ஆண்டு ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ‘இறுதி ஒப்பந்தத் தொகை’யின் சதவீதம் என்று வரும். இறுதித் தொகை என்றால், பிறகு சேர்ந்த மேலதிக வேலையும் விலை ஏற்றமும் சேர்ந்து வளர்ந்த தொகை. மேலதிக வேலை 3,000,000 ரூபாவுக்கு வந்தால், அந்த வேலையே பிந்தியதற்குக் காரணமாக இருந்தாலும், நாள் வீதம் 12,000த்திலிருந்து 13,500க்கு ஏறிவிடும்.

நாளுக்கு 0.05, வாரத்துக்கு 0.35. இரண்டும் ஒன்றுதானே?

ஏழால் பெருக்கினால் ஒன்றுதான். ஆனால் வார வீதத்துக்குப் பின்னால் ‘அல்லது அதன் பகுதிக்கும்’ என்று ஒரு சொற்றொடர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஓர் பார்ட் தெயர்ஆஃப்’ என்று வரும். யாராவது வாயால் விளக்கிச் சொல்லும்போது இது பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

அதே 24,000,000 ரூபா வேலையில் வாரத்துக்கு 84,000. சரியாக 28 நாள் பிந்தினால் நான்கு வாரம், 336,000. நாள் கணக்கிலும் அதே 336,000. ஆனால் 29ஆம் நாள் வந்ததும் நாள் கணக்கில் கூடுவது 12,000, வாரக் கணக்கில் கூடுவது 84,000. அந்த ஒரு நாள் ஒரு ஜன்னல் கண்ணாடி வராததால் போயிருக்கலாம்.

நாட்களை எப்படி எண்ணுவது என்பதையும் பாருங்கள். எல்.டி. பெரும்பாலும் நாட்காட்டி நாட்களில்தான் ஓடும், ஞாயிறும் போயாவும் தீபாவளியும் அதற்குள் அடங்கும். வேலைக் காலம் ‘வேலை நாட்களில்’ எழுதப்பட்டு எல்.டி. நாட்காட்டி நாட்களில் எழுதப்பட்டிருந்தால், முடிவுத் திகதியையே இரு தரப்பும் வேறு வேறாகப் பிடிப்பார்கள். திகதியை எழுத்தில் வாங்குங்கள்: இன்ன மாதம் இன்ன திகதி என்று.

உச்சவரம்பு 10% என்று போட்டிருக்கிறார்கள். அப்போ பயமில்லைதானே?

உச்சவரம்பு இருப்பது நல்லது. ஆனால் அதை வீதத்தால் வகுத்துப் பாருங்கள், பிழை இருந்தால் உடனே தெரியும். 10ஐ 0.05ஆல் வகுத்தால் 200 நாள். எட்டு மாத வேலைக்கு இது ஏற்றுக்கொள்ளக்கூடியது. அதே இடத்தில் 0.5 என்று தட்டச்சாகியிருந்தால் 20 நாளில் உச்சவரம்பு முடிந்துவிடும். மூன்று வாரத் தாமதத்துக்கு 2,400,000 ரூபா! அப்படி வந்தால் ஒரு பூச்சியம் விழுந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். விலைமனு ஒப்படைக்க முன்னரே எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பிறகு கேட்டால் பதில் வராது.

இன்னொன்று, உச்சவரம்பின் அடிப்படைத் தொகையும் எல்.டி.யின் அடிப்படைத் தொகையும் ஒன்றா? எல்.டி. ‘ஆரம்பத் தொகை’யிலும் உச்சவரம்பு ‘இறுதித் தொகை’யிலும் எழுதப்பட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். உச்சவரம்பு தொட்டதும் உரிமையாளர் ஒப்பந்தத்தையே நிறுத்தலாம் என்று வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கவும் கூடும். அதையும் தேடிப் பாருங்கள்.

கீழ்மாடியை ஒப்படைத்துவிட்டேன், பிள்ளைகள் படிக்கிறார்கள். முழுத் தொகைக்கும் பிடிக்கலாமா?

ஒப்படைத்த பகுதியை அவர்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஃபிடிக் புத்தகத்தில் இதற்கென்றே விதி உண்டு. ஏற்றுக்கொண்ட பகுதியின் பெறுமதிக்கு ஏற்ப, மீதிக்கான எல்.டி. குறைய வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதே கட்டடத்தில் கீழ்மாடியின் பெறுமதி 15,000,000, மேல்மாடியினது 9,000,000 என்று வைப்போம். முடிவுத் திகதி தாண்டி 15ஆம் நாள் கீழ்மாடியை ஒப்படைத்தீர்கள், 40ஆம் நாள் மேல்மாடியை முடித்தீர்கள். முதல் 15 நாளுக்கு முழு வீதம்: 180,000. மிச்சம் 25 நாளுக்கு 24இல் 9 பங்குதான், நாளுக்கு 4,500: ஆக 112,500. மொத்தம் 292,500. விதியைக் கவனிக்காமல் விட்டால் 480,000.

இங்கே மாட்டிக்கொள்வது ஒப்படைப்புக் கடிதத்தில்தான். அதிபர் வாயால் ‘சரி, வகுப்பைத் தொடங்குறோம்’ என்று சொல்லியிருப்பார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கும் மனது குளிர்ந்துவிடும். ஆனால் திகதியிட்ட தாள் இல்லையென்றால் 15ஆம் நாள் என்பதை எப்படிக் காட்டுவது? அன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். வகுப்பு நடக்கிற படமும் எடுத்து வையுங்கள்.

மழை நாளைக் கழிக்க மாட்டார்களா?

மழை பெய்தது என்பதற்காக மட்டும் கழிக்க மாட்டார்கள். வழக்கத்தை மீறிய மழையாக இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை பெய்யும் என்பது விலைமனு போடும்போதே உங்களுக்குத் தெரியும் என்பார்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வருடக் கடைசியின் வடகீழ் மழைக்கும் இதே பதில் வரும்.

அப்படியென்றால் எவ்வளவு மழை என்று இலக்கத்தில் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, தோட்டங்களில் தினமும் மழை அளந்து பதிந்து வைக்கிறார்கள். தோட்டத் துரையிடமோ ஒபீசிலோ மரியாதையாகக் கேட்டால் அந்த மாதத்தின் பதிவையும் முந்தைய வருடங்களின் பதிவையும் பார்க்கலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவு அதைவிட வலுவான சாட்சி. மண்சரிவு எச்சரிக்கையால் வேலை நின்றிருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அறிவித்தலைச் சேர்த்து வையுங்கள். அதோடு, நீடிப்புக் கேட்கும் கடிதத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு காலக்கெடு இருக்கும். வேலை முடிந்த பிறகு மொத்தமாகக் கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாற்பது நாளில் 12 நாள் நீடிப்புக் கிடைத்தாலே, மேலே சொன்ன கணக்கில் 144,000 ரூபா குறையும்.

ஹார்ட்வெயர் கடையில் பாக்கிக்கு மாதம் 2% என்றார்கள். பில் வந்தபோது தலை சுற்றியது. எப்படி இவ்வளவு?

உங்கள் பில்லைப் போன்ற ஒன்றை வைத்தே விளக்குகிறேன். சீமெந்தும் கம்பியும் 860,000 ரூபாவுக்கு எடுத்தீர்கள், 30 நாள் தவணை. தவணைத் திகதியில் 500,000 கட்டிவிட்டீர்கள். மிச்சம் 360,000ஐ 47 நாள் பிந்திக் கட்டினீர்கள்.

நிலுவையில் நாள் கணக்கில் என்றால், வருடத்துக்கு 24% வீதம் 47 நாளுக்கு 11,125 ரூபா. நிலுவையில் ‘மாதம் அல்லது அதன் பகுதி’ என்றால் 47 நாள் இரண்டு மாதமாகிவிடும், 14,400. இதுவரை பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கடை வாசகத்தில் ‘பில் தொகையின் 2%’ என்று இருந்தால், நீங்கள் கட்டிய 500,000மும் கணக்கில் வந்துவிடும். 860,000இல் இரண்டு மாதத்துக்கு 34,400. உங்கள் தலை சுற்றியது இதனால்தான். ‘நிலுவை’ என்ற ஒரு சொல் அந்த வரியில் இல்லை.

பலர் என்னிடம் வட்டிக்கு வட்டி போட்டுவிட்டார்கள் என்றுதான் குற்றம் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடுவோம். அதே நிலுவையில் இரண்டு மாதம் கூட்டு வட்டி போட்டால் 14,544. தனி வட்டியைவிட 144 ரூபாதான் கூட. ஒரு வருடம் இழுத்தால் 24 என்பது 26.8 ஆகும், அதுவும் சின்னத் தொகையில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதப் பாக்கியில் கூட்டு வட்டியைவிட அடிப்படைத் தொகைதான் பல மடங்கு கடிக்கும்.

எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ‘பிந்தினால் பில் திகதியிலிருந்து’ என்று இருந்தால் தவணையாகக் கொடுத்த 30 நாளும் திரும்பப் பறிபோகும். 77 நாள், மூன்று மாதம், நிலுவையில் மட்டும் பார்த்தாலும் 21,600.

பில்லின் அடியில் ‘தாமதக் கட்டணம் 3%’ என்று மட்டும் இருக்கிறது. மாதத்துக்கா வருடத்துக்கா?

காலமே இல்லையென்றால் ஒரே தடவைக் கட்டணம் என்றுதான் நான் வாசிப்பேன். மாதாமாதம் கேட்டு வந்தால், அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நுவரெலியாவிலிருந்து ஹோட்டல்களுக்கு மரக்கறி அனுப்புபவர்களும் இப்படித்தான் பில் அடிக்கிறார்கள். அவர்களுக்கு இதே பதில் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்: மாதத்துக்கு என்று நினைத்திருந்தால் ‘மாதத்துக்கு, நிலுவையின் மேல்’ என்று அச்சடித்து வையுங்கள்.

எனக்குக் காசு தரப் பிந்துகிறார்களே, அதற்கு நான் வட்டி கேட்கலாமா?

ஒப்பந்தத்தில் விதி இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். கேட்காமல் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம் எனக்கும் புரிகிறது. கடிதம் மட்டுமாவது போடுங்கள், பிறகு எல்.டி. பற்றிப் பேச உட்காரும்போது உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கும்.

வீதம் பல ஒப்பந்தங்களில் நேரான எண்ணாக இருக்காது. மத்திய வங்கியின் ஏதாவது ஒரு வீதத்துக்கு மேல் 3 சதவீதப் புள்ளி என்பது போல இருக்கும். எந்த வீதம், எந்தத் திகதியின் வீதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.50இலிருந்து 14.50க்கு ஒரே நாளில் உயர்த்தியது. அந்த வீதத்துக்கு மேல் 3 என்று எழுதிய ஒப்பந்தத்தில், 3,000,000 ரூபா பில் அதற்கு முதல் வாரம் தவணையாகி 60 நாள் பிந்தியிருந்தால் கணக்கு என்ன? தவணை நாளின் வீதம் என்றால் 10.5%, வட்டி 51,781. பணம் வந்த நாளின் வீதம் என்றால் 17.5%, வட்டி 86,301. ‘அவ்வப்போதைய வீதம்’ என்றால் நாள் நாளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். 2024 நவம்பரில் மத்திய வங்கி ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒன்றையே முதன்மை வீதமாக்கியது. பழைய தாளைப் பிரதி எடுத்து ‘கொள்கை வீதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணத் தொடங்கும் நாளும் முக்கியம். பில் கொடுத்த நாளா, பொறியியலாளர் சான்றிதழ் கொடுத்த நாளா? சான்றிதழ் நாள் என்றால், சான்றிதழுக்கும் ஒரு கெடு இருக்க வேண்டும். இல்லையென்றால் சான்றிதழையே இழுத்தடித்து வட்டியில்லாமல் தப்பிவிடுவார்கள்.

கோர்ட்டுக்குப் போனால் குறைப்பார்களா?

இலங்கையில் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் ரோம-டச்சுச் சட்டம். மிதமிஞ்சிய தண்டத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதில் இடமுண்டு. சேர்ந்த வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதியும் அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலச் சட்டத்தில் 1915ஆம் ஆண்டின் டன்லப் வழக்கிலிருந்து, உண்மையான முன்மதிப்பீடா, பயமுறுத்தும் தண்டமா என்று பார்த்தார்கள். 2015இல் அங்கே அந்த அளவுகோலை மாற்றி, தொகை உரிமையாளரின் நியாயமான நலனுக்கு அளவு மீறியதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். 0.05% போன்ற வீதத்தை அளவு மீறியது என்று காட்டுவது கடினம். அடிப்படைத் தொகையைப் பிழையாகப் பிடித்தார்கள் என்று காட்டுவது அதைவிட எளிது, அதற்கு ஒப்பந்தத்தின் சொல்லே சாட்சி. பெரிய தொகை என்றால் சட்டத்தரணியிடம் போங்கள், நான் கணக்குக்காரன்தான்.

கையெழுத்துப் போட முன்னர் என்னதான் எழுதிக் கேட்பது?

நீளமாக எழுத வேண்டாம். பாடசாலை வேலைக்கு நாங்கள் கடைசியாக அனுப்பிய கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: “எல்.டி. கணக்கிடும் தொகை, வற் வரியும் எதிர்பாராச் செலவும் நீங்கலான ஆரம்ப ஒப்பந்தத் தொகையாகிய 24,000,000 ரூபா என்றும், வீதம் நாட்காட்டி நாளொன்றுக்கு 0.05% என்றும், உச்சவரம்பு அதே தொகையின் 10% என்றும், ஏற்றுக்கொண்ட பகுதிக்கு அதன் பெறுமதி விகிதத்தில் குறையும் என்றும் விளங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.” தொகையை எண்ணாகவே எழுதியதைக் கவனியுங்கள். பதில் மூன்றாம் நாள் வந்தது, நாலு விடயத்தில் மூன்றை ஒத்துக்கொண்டு, எதிர்பாராச் செலவைச் சேர்த்துத்தான் கணக்கிடுவோம் என்றார்கள். நாளுக்கு 1,200 ரூபா கூட. அதைத் தெரிந்துகொண்டே விலை போட்டோம்.